செல்போனில் வயல் அளந்தால் மூன்று சென்ட் எங்கே போகிறது?

போன கார்த்திகையில் எங்கள் குழு வயல்களுக்கு ட்ரோன் வைத்து மருந்தடித்தோம். ஏக்கருக்கு 600 ரூபாய் என்று பேச்சு. ட்ரோன் கொண்டுவந்த தம்பி தன் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் ஒரு சுற்று நடந்தார். "33.9 சென்ட் அண்ணே" என்றார். அது என் வயல். பட்டாப்படி எனக்கு 32 சென்ட்தான். பக்கத்து வயல்காரர் மாமா சும்மா இருக்காமல் தன் போனிலும் சுற்றிப் பார்த்தார். 28.6 வந்தது. அவருக்கு ஒரே சிரிப்பு. "மாப்ள, ஒரு சுத்துக்கு அஞ்சு சென்ட் சுருங்குதே, இன்னும் ரெண்டு சுத்து சுத்துனா வயலே இருக்காது போல."

காசாகப் பார்த்தால் ஐந்து சென்டுக்கு 30 ரூபாய்தான், அதற்குச் சண்டை போட முடியாது. ஆனால் எங்கள் குழுவில் உழவு, விதை, உரம், அறுவடை மெஷின் எல்லாமே பரப்பைப் பார்த்துத்தான் பங்கு பிரிக்கிறோம். எந்த அளவைப் புத்தகத்தில் எழுதுவது என்ற கேள்வி வந்துவிட்டது. இந்த வேலை என் தலையில் விழுந்தது. பங்குனியில் அறுப்பு முடிந்து வயல் காலியாகக் கிடந்தபோது, போனையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு என் வயலை மட்டும் பல தடவை அளந்து பார்த்தேன். அதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டாவில் இருப்பது சென்ட் இல்லை

நம் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். என் பட்டாவில் "0 - 13.00" என்று இருக்கிறது. பூஜ்ஜியம் ஹெக்டேர், 13 ஏர் என்று அதைப் படிக்க வேண்டும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஆக 1,300 சதுர மீட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், அதாவது 435.6 சதுர அடி. வகுத்தால் 32.1 சென்ட். இதை 13 சென்ட் என்று படித்துவிட்டு, போன் முப்பதுக்கு மேல் காட்டுகிறது, ஆப் பொய் என்று சொன்னவரையும் எங்கள் ஊரில் பார்த்தாயிற்று.

ஆப்பில் அலகை ஏக்கரில் வைக்காமல் சதுர மீட்டரில் வைத்துக்கொள்வது நல்லது. ஏக்கரில் வைத்தால் சில ஆப்கள் 0.3 என்றே காட்டிவிட்டு நின்றுவிடும். 26 சென்டும் 0.3தான், 34 சென்டும் 0.3தான். சதுர மீட்டரில் எடுத்து, 40.47-ஆல் நாமே வகுத்துக்கொண்டால் சென்ட் கிடைத்துவிடும்.

டேப்பில் வந்த அளவு

ஆப் சரியா தப்பா என்று சொல்ல வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான ஓர் அளவு வேண்டும். அதற்கு 50 மீட்டர் டேப்பை எடுத்தேன். வயல் நாலு மூலை, ஆனால் நேர்ச்சதுரம் கிடையாது. அப்படிப்பட்ட வயலில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் தப்பாகிவிடும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு டேப் பிடித்து, வயலை இரண்டு முக்கோணமாக்கிவிட வேண்டும். முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் பரப்பு வந்துவிடும், கோணம் பார்க்கத் தேவையில்லை.

வரப்புக்கு உள்பக்கம், பயிர் நிற்கிற ஓரத்தில் மட்டும் அளந்தேன். தெற்கு 61.0 மீட்டர், கிழக்கு 19.8, வடக்கு 62.4, மேற்கு 20.6. தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு 66.2. பக்கம் 50 மீட்டருக்கு மேல் போனால் டேப்பை இரண்டு தடவை பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு குச்சி ஊன்றி, ஒருவர் தள்ளி நின்று மூன்றும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் டேப் வளைந்துவிடும்.

ஒரு முக்கோணத்தின் மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். தெற்கு முக்கோணத்துக்கு 61.0, 19.8, 66.2 கூட்டினால் 147, பாதி 73.5. இந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 12.5, 53.7, 7.3. இந்த நாலு எண்ணையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 600 சதுர மீட்டர். போன் கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் வர்க்கமூலப் பொத்தான் இருக்கும். வடக்கு முக்கோணத்துக்கும் இதே மாதிரி செய்ததில் 642.5 வந்தது. கூட்டினால் 1,242.5 சதுர மீட்டர், அதாவது 30.7 சென்ட்.

பட்டாவில் 32.1, டேப்பில் 30.7. இந்த ஒன்றரை சென்ட் எங்கே என்று முதலில் எனக்கும் திக்கென்றிருந்தது. நாலு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தேன், 164 மீட்டர். சுற்றிலும் வரப்பு இருக்கிறது, வரப்பின் பாதி அகலம் என் பட்டாவில் சேரும். பாதி வரப்பு 35 சென்டிமீட்டர் என்று வைத்தால் 164 மீட்டர் நீளத்துக்கு 57 சதுர மீட்டர். பட்டாவுக்கும் டேப்புக்கும் உள்ள வித்தியாசம் சரியாக அந்த 57தான். நிலத்தை யாரும் பிடுங்கவில்லை. வரப்பாகக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

பட்டாவின் பரப்பு, பயிர் ஏறுகிற பரப்பு இரண்டும் வேறு என்பதை எங்கள் குழுவில் இதற்கு முன் யாரும் பேசினதில்லை. மருந்துக்கும் விதைக்கும் 30.7-ஐத்தான் பார்க்க வேண்டும். கிரயத்துக்கும் கடனுக்கும் பட்டாவில் இருப்பதுதான் கணக்கு.

போன் ஏன் தள்ளாடுகிறது

நம் போன் எதையும் 'அளப்பது' கிடையாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்தும், அது மாதிரியான மற்ற நாட்டுக் கோள்களிலிருந்தும் சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரமானது என்று பார்க்கிறது. அதை வைத்துத் தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கு தப்பினாலே 30 சென்டிமீட்டர் தப்பிவிடும். வழியில் காற்றுமண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்தும். மரத்தில், கட்டடத்தில் பட்டுத் தெறித்து வருகிற சிக்னல் சுற்றுவழியில் வருவதால் இன்னும் தப்பும். அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளம், திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போன் உண்மையான இடத்திலிருந்து 4.9 மீட்டர் வட்டத்துக்குள் காட்டும் என்கிறது. போனிலேயே ஆப் "accuracy 4 m" என்று ஓர் எண் காட்டும். ஆண்ட்ராய்டில் அதற்கு அர்த்தம், மூன்றில் இரண்டு தடவை இந்த 4 மீட்டர் வட்டத்துக்குள் இருப்போம் என்பது. மூன்றாவது தடவை வெளியே நிற்கலாம்.

20 மீட்டர் அகல வயலில் 5 மீட்டர் பிழை என்றால் பரப்பு தாறுமாறாக வர வேண்டுமே, எப்படி ஓரளவு கிட்டத்தில் வருகிறது? பிழையின் பெரும்பகுதி நாலு மூலைக்கும் ஒரே மாதிரி, ஒரே திசையில் இருக்கும். பத்து நிமிடத்துக்குள் சுற்றி முடித்தால் வானத்தில் கோள்கள் பெரிதாக இடம் மாறியிருக்காது. போன் மொத்த வயலையும் நாலு மீட்டர் கிழக்கே தள்ளிக் காட்டும், அவ்வளவுதான். கட்டிலைச் சுவரோரமாக இழுத்துப் போட்டால் கட்டில் சிறுத்தா போகும்? பரப்பைக் கெடுப்பது மிச்சப் பிழைதான். அது மூலைக்கு மூலை தனித்தனியாக, திசை தெரியாமல் ஆடுகிற ஆட்டம். அதைத் தள்ளாட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தத் தள்ளாட்டம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. முதல் மூலையில் புள்ளி வைத்துவிட்டு, முழுவதும் சுற்றி, புறப்பட்ட மூலைக்கே வந்து, அதே இடத்தில் நின்று இன்னொரு புள்ளி வையுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். எவ்வளவு விலகி விழுகிறதோ, அந்த அளவுக்குச் சுற்றுவதற்குள் போன் தள்ளாடியிருக்கிறது. என் வயலில் இது ஒரு தடவை ஒன்றரை மீட்டர், ஒரு தடவை மூன்றுக்குப் பக்கம். பார்த்த பிறகு அந்த ஐந்தாவது புள்ளியை அழித்துவிட்டுத்தான் பரப்பைப் படிக்க வேண்டும்.

நீளமான வயலுக்கு நஷ்டம் அதிகம்

நாலு மூலை வயலுக்குத் தள்ளாட்டத்தால் பரப்பு எவ்வளவு தப்பும் என்பதற்குச் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. வயலின் மூலைவிட்டத்தை, அதாவது எதிர்மூலைக்கு எதிர்மூலை தூரத்தை, தள்ளாட்டத்தால் பெருக்கினால் போதும். கிழக்கு மேற்கிலும் தெற்கு வடக்கிலும் 2 மீட்டர் தள்ளாட்டம் என்று வைப்போம். என் வயலில் மூலைவிட்டம் 65 மீட்டர் சுமாருக்கு. பெருக்கினால் 130 சதுர மீட்டர், 3.2 சென்ட். மூன்றில் இரண்டு தடவை பிழை இதற்குள் இருக்கும், மீதித் தடவை தாண்டும். இப்போது மாமாவின் 28.6-ஐயும் ட்ரோன் தம்பியின் 33.9-ஐயும் பாருங்கள். ஒன்று டேப் அளவுக்கு 2.1 குறைவு, இன்னொன்று 3.2 கூடுதல். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. போன் தன் புத்தியைக் காட்டியிருக்கிறது.

இதே கணக்கை மற்ற வயல்களுக்குப் போட்டால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். சதுரமான ஒரு ஏக்கருக்கு மூலைவிட்டம் 90 மீட்டர், பிழை 4.4 சென்ட். நூற்றுக்கு நாலரை, பரவாயில்லை. சதுரமான 20 சென்டுக்குப் பிழை 2 சென்ட், நூற்றுக்குப் பத்து. அதே 20 சென்ட் 10 மீட்டர் அகலத்தில் 81 மீட்டர் நீண்டு கிடந்தால் பிழை 4 சென்ட், நூற்றுக்கு இருபது.

எங்கள் பக்கம் இந்த மூன்றாவது ரகம்தான் அதிகம். கண்மாய்க்குக் கீழே இருக்கிற நஞ்சையை அண்ணன் தம்பி பிரிக்கும்போது எல்லோருக்கும் வாய்க்கால் தொட வேண்டும் என்பதற்காக நெடுக்கவே வகிர்வார்கள். மூன்று தலைமுறை வகிர்ந்த பிறகு வயல் நாடா மாதிரி ஆகிவிடுகிறது. தண்ணீருக்கு அது நியாயமான பிரிப்பு. போனில் அளப்பதற்கு அதைவிட மோசமான வடிவம் கிடையாது. அகலம் 12 மீட்டருக்குக் குறைந்த வயலையும் 20 சென்டுக்கு உட்பட்ட வயலையும் போனில் அளப்பதில்லை என்று நாங்கள் முடிவெடுத்துவிட்டோம். இரண்டு ஆள், ஒரு டேப், பத்து நிமிடம். சின்ன வயலுக்கு டேப் பிடிப்பது ஒரு வேலையே இல்லை.

இரண்டு விதமான பிழை

இதுவரை சொன்ன தள்ளாட்டம் ஒரு தடவை கூட்டிக் காட்டும், ஒரு தடவை குறைத்துக் காட்டும். எங்கள் குழுவில் இந்தக் கண்மாய்க்குக் கீழே மட்டும் கிட்டத்தட்ட 30 சென்ட் வயலாக 36 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 3 சென்ட் தப்பினாலும், சிலது மேலே சிலது கீழே என்று தப்புவதால், மொத்தத்தில் 108 சென்ட் தப்பாது. ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய் சுமார் 18 சென்ட்தான் மிஞ்சும். 36-க்கு வர்க்கமூலம் 6, ஆறு மூன்று பதினெட்டு. மொத்தம் பத்தே முக்கால் ஏக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆகவே மெஷின்காரரிடம் மொத்தமாகப் பேசுவதற்குப் போன் அளவு தாராளமாகப் போதும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பங்கு பிரிக்கும்போதுதான் அது குத்தும்.

இரண்டாவது பிழை வேறு சாதி. அது ஒரே பக்கம் சாயும். ட்ரோன் தம்பி என் வயலைச் சுற்றும்போது வரப்பின் மேல் நடந்தார். சில இடத்தில் சேறாக இருந்ததால் வரப்புக்கு வெளியே அடுத்த வயலிலும் கால் வைத்தார். பயிர் ஓரத்திலிருந்து சராசரியாக அரை மீட்டர் வெளியே என்று வையுங்கள். சுற்றளவு 164 மீட்டர், அரை மீட்டரால் பெருக்கினால் 82 சதுர மீட்டர், 2 சென்ட். இதில் ஜிபிஎஸ்ஸுக்குச் சம்பந்தமே கிடையாது. லட்ச ரூபாய்க் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தாலும் இந்த 2 சென்ட் கூடத்தான் வரும். 36 வயலிலும் அதே மாதிரி நடந்தால் 36 வயலிலும் 2 சென்ட் கூடும், எங்கேயும் குறையாது. மொத்தம் 72 சென்ட். இல்லாத இரண்டு வயலுக்குக் கூலி கொடுத்த கணக்கு அது. அடுத்தடுத்த வயல் இரண்டிலும் ஒரே வரப்பு இரண்டு தடவை ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள்.

எல்லோரும் கவலைப்படுவது செயற்கைக்கோளைப் பற்றி. குழுவுக்கு உண்மையில் செலவு வைப்பது கால் எங்கே பதிகிறது என்பது. இதை முதலில் பேசித் தீர்த்துக்கொண்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒரே வரி: வரப்புக்கு உள்ளே, பயிர் நிற்கிற ஓரத்தில் மட்டும் நடக்க வேண்டும். வயலுக்கு நடுவே களமோ பாறைத் திட்டோ இருந்தால் அதைத் தனியாக அளந்து கழித்துக்கொள்கிறோம்.

எப்படி அளக்கிறோம்

நாங்கள் வைத்திருப்பது `GPS Fields Area Measure`. அது மாதிரி பல ஆப் இருக்கிறது, எல்லாவற்றிலும் சங்கதி ஒன்றுதான். எந்த ஆப்பானாலும் இடத்தைச் சொல்வது போனில் இருக்கிற சிப். ஆப்பை மாற்றினால் போன் திருந்தாது.

வயலுக்கு வந்தவுடன் அளக்க ஆரம்பித்துவிடக் கூடாது. திறந்த வெளியில், ஆப்பைத் திறந்து வைத்து மூன்று நாலு நிமிடம் நிற்க வேண்டும். கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தைப் போன் டவர் வழியாக நெட்டில் இறக்கிக்கொள்ளும். எங்கள் கண்மாய்க்கு உள்வாயில் சிக்னல் ஒரு கோடுதான், அப்போது அந்த விவரத்தைக் கோளிடமிருந்தே வாங்க வேண்டியிருப்பதால் இன்னும் தாமதமாகும். accuracy எண் 12, 8, 5 என்று இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். அது நின்ற பிறகுதான் ஆரம்பம். பேட்டரி சேவரை அணைத்துவிட வேண்டும்.

சுற்றி நடந்தால் தானாகவே கோடு போடுகிற வசதி ஒன்று ஆப்பில் இருக்கும். அதை நாங்கள் விட்டுவிட்டோம். நடக்கும்போது போன் நம் பாதையை வழவழப்பாக்கப் பார்க்கும், அதனால் மூலையில் சட்டென்று திரும்பும்போது மூலையை வெட்டிக் குறுக்கே போய்விடும். அதற்குப் பதில் ஒவ்வொரு மூலையிலும் போய் நின்று, போனை நெஞ்சுக்கு நேரே வைத்து, முப்பது எண்ணிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். நேரான பக்கத்தில் நடுவே புள்ளி தேவையில்லை. ஆனால் கண்மாய்க்கரையை ஒட்டி வளைந்து போகிற வரப்பு என்றால் வளைவில் இரண்டு மூன்று புள்ளி கட்டாயம் வேண்டும். 60 மீட்டர் பக்கம் நடுவில் ஒன்றரை மீட்டர் வெளியே வளைந்திருந்து, இரண்டு முனையில் மட்டும் புள்ளி வைத்தால் ஒன்றரை சென்ட் காணாமல் போகும்.

புள்ளிகளை வரிசையாக வைப்பது முக்கியம். எங்கள் குழுப் பையன் ஒருவன் ஒரு மூலையை மறந்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து கடைசியில் போய் வைத்தான். திரையில் வயல் உடுக்கை மாதிரி குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றது, பரப்பு 4 சென்ட். படத்தைப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். அவன் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். எண்ணைப் படிப்பதற்கு முன்னால் திரையில் தெரிகிற வடிவம் நம் வயல் மாதிரி இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

மரத்தடி மூலைதான் பெரிய தொந்தரவு. புளி, மா, அடர்ந்த சீமைக்கருவேலம், இவற்றின் கீழே போனதும் accuracy எண் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மோட்டார் ரூம் சுவரோரமும் அப்படித்தான். என் வடமேற்கு மூலையில் ஒரு பெரிய புங்கமரம். முதல் நாள் அங்கே வைத்த புள்ளி அடுத்தவர் வயலுக்குள் ஆறு மீட்டர் போய் விழுந்தது. அப்படிப்பட்ட மூலையில், வரப்போரமாகவே வெயில் படுகிற இடத்துக்கு நகர்ந்து வந்து புள்ளி வைத்து, விட்டுப்போன துண்டை டேப்பால் அளந்து தனியாகச் சேர்க்க வேண்டும். அந்தத் துண்டு முக்கோணமாகத்தான் இருக்கும், மேலே சொன்ன கணக்கே போதும்.

ஒரே வயலை மூன்று தடவை அளந்து சராசரி எடுக்கலாம், ஆனால் அடுத்தடுத்து மூன்று தடவை சுற்றினால் பெரிய பிரயோஜனம் இல்லை. தள்ளாட்டம் மெதுவாக மாறுவது, பத்து நிமிடத்தில் அது அதே தப்பைத்தான் திரும்பச் சொல்லும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள், முடிந்தால் அடுத்த நாள். காலையில் அளந்தால் உத்தமம். பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. அதன் அருகே இருப்பதால் நம் தலைக்கு மேலே அயனிமண்டலம் சூரியன் மறைந்த பிறகு சில நாட்களில் கொந்தளிக்கும், கோள் சிக்னல் அப்போது துடிக்கும். டில்லிக்காரரைவிட நமக்கு இது அதிகம். வேலை முடித்துவிட்டு இருட்டும் நேரத்தில் அளக்க வருபவர்களிடம் நான் இதைச் சொல்லித்தான் மறுநாள் வரச் சொல்கிறேன்.

என் வயலில் வரப்புக்கு உள்ளே நின்று மூன்று நாள் காலையில் எடுத்தது 32.4, 29.5, 31.3. சராசரி 31.1. டேப்பில் 30.7. இவ்வளவு நெருங்கியது கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான். மூன்றில் பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் டேப் எடுப்பது என்று வைத்திருக்கிறோம். என் வயல் அந்த எல்லையில்தான் நின்றது.

நடக்காமல் அளப்பது

இன்னொரு வழி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து `Google Earth` படத்தில் வயலின் மூலைகளைத் தொட்டு அளப்பது. முதலில் நான் இதை ஏளனம்தான் செய்தேன். அளந்து பார்த்ததில் 30.2, 31.1. நடந்து எடுத்ததைவிட ஒட்டி வந்தது. காரணம் இருக்கிறது. செயற்கைக்கோள் படம் மொத்தமாகச் சில மீட்டர் நகர்ந்து ஒட்டியிருக்கலாம், அந்த நகர்வு நாலு மூலைக்கும் ஒன்றே. கட்டில் கதைதான். மூலைக்கு மூலை தனித்தனியாக வருகிற பிழை நம் விரல் பிழை மட்டுமே, நன்றாகப் பெரிதாக்கி வைத்துத் தொட்டால் அது ஒரு மீட்டருக்குள் அடங்கும்.

ஆனால் வரப்பு படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். செம்புறை மண்ணில் புஞ்சைக்கு நடுவே வரப்பும் தரையும் ஒரே நிறம், எங்கே முடிகிறது என்று பிடிபடாது. தைலமரத் தோப்பை ஒட்டிய பக்கம் மரநிழல் வரப்பை மூடிவிடும். படம் எப்போது எடுத்தது என்பதையும் பார்க்க வேண்டும், வரப்பு வெட்டுவதற்கு முந்தின படமாக இருந்தால் பழைய வயலைத்தான் அளப்போம். நஞ்சையில் நெல் பச்சையாக நிற்கும்போது எடுத்த படம் கிடைத்தால் அதைவிடச் சுலபம் இல்லை.

சர்வே எண் கோடுகளைப் படத்தின் மேல் போட்டுக் காட்டுகிற ஆப்களும் வந்துவிட்டன. அவற்றில் எங்கள் ஊர்க் கோடு ஒன்று நேராகக் கண்மாய்க்குள் இறங்குகிறது. வரைபடம் ஒரு கணக்கில் போட்டது, படம் இன்னொரு கணக்கில் ஒட்டியது. இரண்டையும் மேலே மேலே வைத்தால் விலகி விழுவது சாதாரணம். அந்தக் கோட்டைக் காட்டி "உன் வரப்பு என் நிலத்துல இருக்கு" என்று ஒருவர் ஆரம்பித்தார். அவருக்குச் சொன்ன பதில் இதுதான்: எல்லை எங்கே என்று கேட்டால் போன் ஐந்து மீட்டர் தப்பும், பரப்பு எவ்வளவு என்று கேட்டால் மூன்று சென்ட் தப்பும். மேலே சொன்ன கட்டில் கதை பரப்புக்கு உதவும், எல்லைக்கு உதவாது, ஏனென்றால் எல்லைத் தகராறே கட்டில் எங்கே கிடக்கிறது என்பதுதான். அதற்குப் புல வரைபடத்தை எடுக்க வேண்டும். `eservices.tn.gov.in` தளத்தில் ஊர், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் இறங்கும். அதில் பக்க நீளங்கள் மீட்டரில் போட்டிருக்கும். டேப்பில் அளந்து பக்கங்கள் ஒத்துவருகின்றனவா என்று நாமே பார்க்கலாம். ஒத்துவராவிட்டால் நில அளவைக்கு மனுப் போட்டு, சர்வேயர் வந்து கல்லைக் காட்டுவதுதான் வழி.

இப்போது குழுப் புத்தகத்தில் ஒவ்வொரு வயலுக்கும் பட்டாப் பரப்பு, பயிர்ப் பரப்பு என்று இரண்டு கட்டம் வைத்திருக்கிறோம். பயிர்ப் பரப்புக்குப் பக்கத்தில் டேப்பா, போனா, படமா என்று ஒரு எழுத்து: டே, போ, ப. 36-இல் 14 வயலுக்கு டே விழுந்திருக்கிறது, பெரும்பாலும் நாடா வயல்கள். என் வயலுக்கு 30.7, டே. மாமா தன் வயலுக்குப் போன் அளவே போதும் என்று பிடிவாதமாக இருக்கிறார். அவர் வயலில் மூன்று தடவையும் போன் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது.